நேர்மேல் படமா, சாய்ந்த படமா?

மன்னார்குடிப் பக்கத்து வயலில் இருந்து வந்த பம்புசெட் ஸ்டார்ட்டர் போர்டு. மோட்டார் ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது. கரண்டைத் துண்டித்து, கழற்றி, சால்டர் பழுதைத் தேட செல்போனில் இரண்டு விதமாகப் படம் எடுத்தேன்.

முதலாவது, நேர் மேலிருந்து ஃப்ளாஷ் போட்டது. ஐசி கால்களுக்கு நடுவே சால்டர் ஒட்டிப் பாலம் ஆகியிருக்கிறதா என்று பார்க்க இது போதும். இணைப்பு தெரிந்தாலும் அவசரம் வேண்டாம். சில கால்களை வடிவமைப்பிலேயே சேர்த்திருப்பார்கள்.

இரண்டாவது, ஃப்ளாஷை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து, போனைச் சாய்த்து எடுத்தது. ஃப்ளாஷ் படத்தில் வெறும் வெள்ளைப் பளபளப்பாக இருந்த ரிலே காலைச் சுற்றி, இதில் மெல்லிய கருவளையம் தெரிந்தது. நல்ல சால்டர் காலில் ஏறிக் குழிவான சரிவாக இறங்கும்; இதுவோ உருண்டையாகச் சும்மா உட்கார்ந்திருந்தது. காலோடு சரியாகப் பிடிக்காத டிரை சால்டர்தான். நிறம் மங்கலாக இருப்பதை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது, ஈயமில்லாத சால்டர் இயல்பிலேயே மங்கல்.

போர்டிலிருந்து பெயர்ந்து தூக்கிய செப்புப் பேடைப் பார்க்கவும் சாய்ந்த படமே. ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் டார்ச்சை எதிர்ப்பக்கம் மாற்றி இன்னொன்று எடுங்கள்: தூக்கிய பேடின் நிழலென்றால் இடம் மாறும், ஃப்ளக்ஸ் கறையென்றால் அங்கேயே இருக்கும்.