முதல் மெசேஜுக்கு முன்னாடி லிங்க்ட்இன்ல வார்ம் பண்றது: கமெண்ட்டா, முதலாளி போஸ்ட்டா, விளம்பரமா, ஆட்டோமேஷனா?

முன்னபின்ன தெரியாத ஒருத்தருக்கு நேரா சேல்ஸ் மெசேஜ் அனுப்பாதீங்க, முதல்ல லிங்க்ட்இன்ல கொஞ்சம் வார்ம் பண்ணிட்டு, அதாவது உங்க பேர் அவருக்கு பழக்கமான பிறகு அனுப்புங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படி வார்ம் பண்றதுன்னு கேட்டா மட்டும் ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நடைமுறைல நாலு வழிதான் இருக்கு: சேல்ஸ் பசங்க கையால கமெண்ட் போடுறது, முதலாளி தொடர்ந்து போஸ்ட் போடுறது, காசு கட்டி விளம்பரம் விடுறது, அப்புறம் இதையெல்லாம் ஒரு டூல்கிட்ட ஒப்படைச்சிட்டு தூங்கப் போறது. பொதுவா பேசினா நாலுமே நல்லாத்தான் தெரியும், அதனால ஒரு கேஸ் எடுத்து பாப்போம்.

கோயம்புத்தூர்ல ஒரு சின்ன கம்பெனின்னு வெச்சுக்குங்க. ஸ்பின்னிங் மில், ஆட்டோ காம்பொனென்ட் ஃபேக்டரிக்கெல்லாம் போயி கம்ப்ரஸ்டு ஏர் லைன்ல எங்கெங்க லீக் ஆகுதுன்னு ஆடிட் பண்ணிக் கொடுக்குறது தொழில். முதலாளி ஒருத்தர், சேல்ஸ்ல ரெண்டு பசங்க. லிஸ்ட்ல 200 பேரு, முக்கால்வாசி மெயின்டெனன்ஸ் ஹெட், மீதி பிளான்ட் ஹெட்.

எந்த வழின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்த 200 பேரை ரெண்டா பிரிக்கணும், இதை பல டீம் செய்யறதே இல்ல. லிங்க்ட்இனோட காசு கட்டுற சேல்ஸ் டூலான சேல்ஸ் நேவிகேட்டர்ல `Posted on LinkedIn`னு ஒரு ஃபில்டர் இருக்கு, கடைசி 30 நாள்ல போஸ்ட் போட்டவங்களை மட்டும் காட்டும். அது இல்லைன்னா ஒவ்வொரு ப்ரொஃபைலா போயி ஆக்டிவிட்டி பகுதியை பாத்தாலே தெரிஞ்சிடும். இந்த மாதிரி லிஸ்ட்ல ஒரு 40 பேர் தேறினா அதிகம். மீதி 160 பேர் போஸ்ட் போட மாட்டாங்க, சிலர் மத்தவங்க போஸ்ட்டை படிப்பாங்க, சிலர் வேலை மாறும்போது மட்டும் உள்ள வர்றவங்க. மில்லுகள்ல இன்னொரு விஷயமும் இருக்கு, மெயின்டெனன்ஸ் பாக்குற அண்ணன் லிங்க்ட்இன் பக்கமே வர மாட்டாரு, ஆனா முதலாளியோட பையன் எம்பிஏ முடிச்சிட்டு வந்து வாரத்துக்கு ரெண்டு போஸ்ட் போட்டுட்டு இருப்பாரு. அப்ப லிஸ்ட்ல இருக்க வேண்டிய பேரே அந்தப் பையன் பேருதான்.

இப்ப முதல் வழி, கையால கமெண்ட். இது அந்த 40 பேருக்கு மட்டும்தான், போஸ்ட்டே போடாதவருக்கு எங்க போயி கமெண்ட் போடுவீங்க. மூணு வாரத்துல ஆளுக்கு மூணு கமெண்ட்னு வெச்சா 120 கமெண்ட். போஸ்ட்டை ஒழுங்கா படிச்சு யோசிச்சு எழுத ஒண்ணுக்கு 6 நிமிஷம் ஆகும், ஆக மொத்தம் 12 மணி நேரம், ரெண்டு பேர் பிரிச்சுக்கிட்டா 15 வேலை நாள்ல ஒருத்தருக்கு தினம் அரை மணி நேரம்கூட வராது. பாக்க ரொம்ப மலிவா இருக்கும், ஆனா என்ன எழுதுறோம்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

ஒரு மெயின்டெனன்ஸ் ஹெட் இப்படி போடுறாருன்னு வைங்க: "ஏப்ரல் மாசம் ஆனாலே ஸ்க்ரூ கம்ப்ரஸர் ஹை டெம்பரேச்சர்ல ட்ரிப் ஆகுது, இந்த வருஷம் டீமா உக்காந்து சரி பண்ணிட்டோம்." கீழ போயி பாத்தா "சூப்பர் சார்", "அருமையான பகிர்வு", கை தட்டுற படம், இதுதான் வரிசையா இருக்கும். இதுல பதினொண்ணாவது "சூப்பர் சார்" நீங்க போட்டா அவருக்கு உங்க பேர் நினைவுல நிக்காது. அதுக்கு பதிலா, "சார், ஆயில் கூலர் ஃபின்ல பஞ்சு அடைச்சிருந்துதா, இல்ல கம்ப்ரஸர் ரூம்ல சூடு காத்து வெளிய போக வழி இல்லாம திரும்ப உள்ளயே இழுத்துட்டு இருந்துதா? மில்லுல ரெண்டுமே பாத்திருக்கோம், அதான் கேக்குறேன்"னு ஒரு கேள்வி. இதுக்கு அவர் பதில் சொல்லியே ஆகணும்னு இல்ல, ஆனா சொல்லத் தோணும், ஏன்னா அது அவர் கஷ்டப்பட்டு கண்டுபிடிச்ச விஷயம். அவர் பதில் போட்டா அந்த மெயின்டெனன்ஸ் வட்டத்துல இருக்குற மத்தவங்க கண்ணுலயும் படும், அவங்கள்ல பாதி பேர் உங்க லிஸ்ட்லயே இருப்பாங்க.

ஆனா இங்க ஒரு சிக்கல். இந்தக் கேள்வியை எழுத ஆளுக்கு கம்ப்ரஸர் தெரிஞ்சிருக்கணும். சேர்ந்து ரெண்டு மாசம் ஆன சேல்ஸ் பையனுக்கு தெரியாது, தெரியாம எழுதினா அந்த ஹெட் ஒரே வரில கண்டுபிடிச்சிடுவாரு. அதனால ஆடிட்டுக்கு போற இன்ஜினியர் ஒருத்தரை வாரத்துக்கு ஒரு மணி நேரம் பக்கத்துல உக்கார வெச்சு, போஸ்ட்டை காட்டி "இதுல நீங்க என்ன கேப்பீங்க"ன்னு கேட்டு எழுதணும். அதுக்கு ஆள் கொடுக்க முடியலைன்னா இந்த வழியை விட்டுடுறது நல்லது. இன்னொண்ணு, ஒரே ஆளோட பழைய போஸ்ட்டெல்லாம் தோண்டி எடுத்து ஒரே நாள்ல அஞ்சு கமெண்ட் போடாதீங்க, பாக்குறவருக்கு யாரோ பின்னாடியே வர்ற மாதிரி இருக்கும்.

கமெண்ட்டுக்கு அவர் பதில் போட்டாரு, இல்ல உங்க ப்ரொஃபைலை வந்து பாத்தாருன்னா அது சரியான நேரம், கனெக்ஷன் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். வெறும் லைக் போட்டாருன்னா அது பெருசா ஒண்ணும் இல்ல, லைக் பழக்க தோஷத்துல வர்றது. ரிக்வெஸ்ட்ல நோட் எழுதணுமான்னு கேட்டா, ஃப்ரீ அக்கவுண்ட்ல மாசத்துக்கு கொஞ்சம் நோட்தான் விடுவாங்க, ஏற்கெனவே பேச்சு நடந்திருந்தா நோட் இல்லாமலே ஏத்துப்பாங்க. ஏத்துக்கிட்ட அடுத்த நிமிஷமே கம்பெனி ப்ரோஷர் அனுப்புறாங்க பாருங்க, மூணு வாரம் செஞ்ச வேலை அங்கயே போச்சு. ஒரு ரெண்டு நாள் விட்டு இப்படி போதும்: "சார், கூலர்ல பஞ்சு அடைக்கிறதை பத்தி பேசினோம்ல. அதே கம்ப்ரஸர் நைட் ஷிஃப்ட்ல லோடு ஆகி ஓடிட்டே இருக்கான்னு பாத்திருக்கீங்களா? மெஷினெல்லாம் நின்ன பிறகும் லோடு ஆனா லைன்ல லீக் இருக்கும். எப்படி அளக்குறதுன்னு ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்கேன், வேணும்னா அனுப்புறேன்." மீட்டிங் கேக்கவே இல்ல, கவனிச்சீங்களா.

ரெண்டாவது, முதலாளி போஸ்ட். இது அந்த பேசாத 160 பேருக்கு, அதாவது அவங்கள்ல படிக்கவாச்சும் உள்ள வர்றவங்களுக்கு. ஆனா முதலாளியோட கனெக்ஷன்ல அவங்க இல்லாம அவர் என்ன எழுதினாலும் காலேஜ் ஃப்ரெண்ட்ஸும் சொந்தக்காரங்களும்தான் லைக் போடுவாங்க. அதனால போஸ்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவர் அக்கவுண்ட்ல இருந்து எதையும் விக்காம கனெக்ஷன் ரிக்வெஸ்ட் போகணும். வாரத்துக்கு சுமார் 100க்கு மேல போனா லிங்க்ட்இன் நிறுத்திடுதுன்னு அனுபவப்பட்டவங்க சொல்றாங்க, அவசரப்படாம 40, 50ன்னு அனுப்பினாலே ஒரு மாசத்துல லிஸ்ட் முடிஞ்சிடும். அனுப்பின ரிக்வெஸ்ட்டை திரும்ப எடுத்துட்டீங்கன்னா அதே ஆளுக்கு மூணு வாரம் வரைக்கும் மறுபடி அனுப்ப முடியாது, அதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

என்ன எழுதுறதுன்னா, கம்பெனி பெருமை வேண்டாம், கணக்கு எழுதச் சொல்லுங்க. 6 பார் பிரஷர்ல ஒரு 3 மில்லிமீட்டர் ஓட்டை சுமார் 3 கிலோவாட் கம்ப்ரஸர் பவரை தின்னுது. வருஷத்துக்கு 8000 மணி நேரம் ஓடுற மில்லுல அது 24,000 யூனிட், யூனிட் 8 ரூபாய்னு போட்டா 1,92,000 ரூபாய், ஒரே ஓட்டைக்கு. இதை படிக்கிற பிளான்ட் ஹெட் லைக் போட மாட்டாரு, ஆனா மெயின்டெனன்ஸ் ஆளை கூப்பிட்டு கேப்பாரு. லைக் போட்டவங்க லிஸ்ட்டை எடுத்து பாத்தா போட்டிக் கம்பெனிக்காரங்க, வேலை தேடுறவங்க, ஏர் ஃபில்டர் விக்கிறவங்கன்னு இருக்கும், நடுவுல உங்க லிஸ்ட் ஆள் ஒருத்தரோ ரெண்டு பேரோ. அந்த ரெண்டு பேரை தேடுறதுதான் சேல்ஸ் பசங்களோட வேலை, "பிளான்ட் ஓடும்போதே எப்படி லீக் அளப்பீங்க"ன்னு யாராவது கமெண்ட்ல கேட்டா அன்னைக்கே பேசிடணும். ஆனா சூடு ஏற மூணு மாசம் ஆகும், முதலாளிக்கு எழுத நேரமும் மனசும் வேணும், நாலாவது வாரத்துல பெரும்பாலும் தீபாவளி வாழ்த்து போட ஆரம்பிச்சிடுவாங்க.

விளம்பரம் இந்த கேஸ்க்கு செட் ஆகாது, காரணம் எளிது. லிஸ்ட்டை அப்லோட் பண்ணினா அதுல 300 பேராவது லிங்க்ட்இன் அக்கவுண்ட்டோட மேட்ச் ஆகணும், இல்லைன்னா கேம்பெய்ன் ஓடவே ஓடாது. நம்மகிட்ட இருக்கிறதே 200. கம்பெனி பேர்களை அப்லோட் பண்ணி வேலைத் துறை வெச்சு விரிச்சா ஓடும், ஆனா ஒரு நாளைக்கு குறைஞ்சது 10 டாலர், மாசம் 300 டாலர், அப்படி செலவு பண்ணியும் யார் பாத்தாங்கன்னு பேர் தெரியாது, எந்தெந்த கம்பெனில இருந்து பாத்தாங்கங்கிறது மட்டும்தான் ரிப்போர்ட்ல வரும். ஆயிரக்கணக்குல கஸ்டமர் இருக்குற சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அதுவே போதும், எந்த கம்பெனிக்கு முதல்ல ஃபோன் பண்றதுன்னு வரிசை போட்டுக்கலாம். அப்படி செலவு பண்றதுன்னாலும் கம்பெனி பேஜ் பேனரை விட முதலாளியோட அந்த லீக் கணக்கு போஸ்ட்டையே காசு கட்டி ஓட விடலாம், 2023ல இருந்து தனி ஆளோட போஸ்ட்டை விளம்பரமா விடுற வசதி இருக்கு.

நாலாவது ஆட்டோமேஷன். தானா ப்ரொஃபைல் பாக்குறது, தானா லைக், தானா கமெண்ட் போடுற எக்ஸ்டென்ஷன் எல்லாமே லிங்க்ட்இன் விதிப்படி தடை, மாட்டினா அக்கவுண்ட்டை முடக்குவாங்க, அதுவும் கம்பெனி அக்கவுண்ட் இல்ல, அந்தப் பையனோட சொந்த அக்கவுண்ட், அவன் அடுத்த வேலை தேட வேண்டியதும் அதுலதான். அதை விட மோசம், அப்பா தவறிட்டாருன்னு ஒருத்தர் போடுற போஸ்ட்ல "வாழ்த்துக்கள், அருமையான பகிர்வு"ன்னு உங்க பேர்ல போயி விழும். அந்த ஆள் இனி உங்க ஃபோனை எடுப்பாருன்னு நினைக்கிறீங்களா?

அப்ப நம்ம கோயம்புத்தூர் கம்பெனிக்கு என்ன பண்றது? போஸ்ட் போடுற 40 பேருக்கு கமெண்ட், இன்ஜினியரை பக்கத்துல வெச்சுக்கிட்டு. மீதி பேருக்கு முதலாளி போஸ்ட், எழுதுவாருன்னா. விளம்பரக் காசை மிச்சம் பண்ணி ஒரு அல்ட்ராசோனிக் லீக் டிடெக்டருக்கு போடுங்க, டெமோவுக்காவது ஆகும்.

இது நிஜமாவே வேலை செய்யுதான்னு பாக்க 40 பேரை 20, 20ன்னு பிரிச்சு, பாதிப் பேருக்கு வார்ம் பண்ணியும் பாதிப் பேருக்கு நேராவும் மெசேஜ் அனுப்பிப் பாக்கலாம். ஆனா ஒரு பக்கம் மூணு பதில், இன்னொரு பக்கம் ஒண்ணுன்னு வந்தா அதை வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க, அது தற்செயலாக்கூட இருக்கலாம். அடுத்தடுத்த லிஸ்ட்டையும் இதே மாதிரி பிரிச்சு சேத்துக்கிட்டே வாங்க, நூறு நூறு பேர் தாண்டின பிறகு பாத்துக்கலாம். மூணு கமெண்ட் போட்டும் அசையாத ஆளுக்கு நாலாவது போடாதீங்க, மில் போர்டு நம்பருக்கு ஃபோன் போட்டு மெயின்டெனன்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு கனெக்ட் பண்ணச் சொல்லுங்க. ஷிஃப்ட் மாறுற நேரத்துல மட்டும் கூப்பிடாதீங்க.