ஆடிக்கு முன் பால் காய்ச்சிய கதை

மூன்று வார விடுப்பில் சிங்கப்பூரிலிருந்து வந்ததே மேடவாக்கம் ஃபிளாட்டுக்கு ஆள் பிடிக்கத்தான். மே மாதம் காலியானது. ஜூன் முழுக்கப் பெயின்ட் வேலையிலேயே போய்விட்டது. வாடகை 22,000 என்று சொல்லிவைத்திருந்தேன். நான்கு பேர் பார்த்தார்கள், யாரும் திரும்ப வரவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் புரோக்கர் ஒரு தம்பதியைக் கூட்டி வந்தார். 20,500 என்றால் பத்தாம் தேதியே வருகிறார்களாம். நான் இழுத்தேன். "சார், ஆடி பொறந்துட்டா ஒருத்தரும் பால் காய்ச்ச மாட்டாங்க" என்றார் புரோக்கர்.

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "மாசம் 1,500 விட்டுக்கொடுக்கிறதுக்கு ஒரு மாசம் பொறுத்துப் பாருடா." சரி என்று காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கணக்குப் போட்டேன். பதினோரு மாத அக்ரிமென்ட்டுக்கு மாதம் 1,500 குறைத்தால் போவது 16,500. காலியாகக் கிடந்தால் வாடகையோடு போகாது. குடித்தனக்காரர் கட்டும் மெயின்டனன்ஸ் 2,000 அப்போது என் தலையில் விழும். ஆக மாதம் 24,000, ஒரு நாளைக்கு 800. புரோக்கர் கமிஷன் யார் வந்தாலும் உண்டு, அதைச் சேர்க்கவில்லை.

16,500ஐ 800ஆல் வகுத்தால் இருபது நாள் சொச்சம். மூன்று வாரத்துக்குள் 22,000 தரும் ஆள் வந்தால் அண்ணன் சொன்னது சரி, அதற்கு மேல் போனால் நஷ்டம். பத்தாம் தேதிக்கும் ஆடி பிறப்பதற்கும் நடுவே ஒரு வாரம்தான். அதற்குள் யாரும் வராவிட்டால் ஆவணி பிறக்கும் ஆகஸ்ட் 17 வரை 38 நாள், அதாவது 30,400. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் வீடு தேடும் குடும்பங்களும் ஏற்கெனவே குடியேறிவிட்டன. தேதியைப் பார்த்ததும் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார்.

இதற்கிடையில் வாட்ச்மேன் போகிற போக்கில் ஒன்று சொன்னார். எதிர் பிளாக்கில் இதே அளவு வீடு 21,000க்குப் போனதாம். அப்படியானால் நான் 'குறைக்கிற' 1,500இல் ஆயிரம் ரூபாய் என் கற்பனைதான்.

ஆனாலும் அடுத்த வருடம் ஐந்து சதவீதம் ஏற்றும்போது குறைத்த வாடகை மேல்தானே ஏறும்? அதனால் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். வாடகை 22,000 என்றே எழுதுவோம், ஜூலையில் மிச்சமுள்ள நாட்களுக்கு வாடகை வேண்டாம். எனக்கு இந்த வருடச் செலவு ஏறக்குறைய அதேதான். அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. "மாசாமாசம் கையை விட்டுப் போறதுதாங்க எங்களுக்குக் கணக்கு."

அதுவும் நியாயம்தான். 21,000க்கு முடித்தோம். பத்தாம் தேதி பால் பொங்கி, புது அடுப்பு மேடையில் வழிந்தது. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.