மொத்தத்தையும் எஸ்ஐபியில் போடுவதா, ஃபீஸுக்கு முதலில் ஒதுக்குவதா?

பாளையங்கோட்டையில் மாதம் 12,000 மிஞ்சும் ஒரு குடும்பம். ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் மட்டும் 48,000. மற்ற மாதங்களில் இன்சூரன்ஸ் 18,000, ஆடிக் கொடைக்கும் தீபாவளிக்கும் 24,000. வருஷத்துக்கு 90,000, மாதக் கணக்கில் 7,500.

முழுப் பணமும் எஸ்ஐபியாக, அதாவது மாதத் தவணையாக, பங்குச்சந்தை ஃபண்டுக்குப் போனால், ஜூனில் சந்தை இறங்கியிருந்தாலும் விற்றே ஆக வேண்டும். ஒரு வருஷத்துக்குள் எடுத்தால் பல ஃபண்டுகளில் 1% வெளியேறும் கட்டணமும் உண்டு.

7,500-ஐத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டு 4,500-க்கு மட்டும் எஸ்ஐபி என்றால் வட்டி குறைவுதான். ஆனால் ஃபீஸ் தேதி சந்தையைப் பார்த்து வராதே! என் ஓட்டு இதற்கே. ஒரு சிக்கல்: ஜனவரியில் தொடங்கினால் ஜூனில் 45,000தான் இருக்கும். அதனால் முதல் ஆறு மாதம் 8,000 ஒதுக்குங்கள். தபால் ஆபீஸ் ஆர்டி இதற்கு ஒத்துவராது, அது ஐந்து வருஷம்.