வாங்கப் போனேன், வாங்குவதற்காகப் போனேன்: ‘டு’வா, ‘ஃபார்’ஆ?

விடுப்புக் கடிதங்களில் அடிக்கடி பார்க்கும் வரி இது: “ஐ நீட் லீவ் ஃபார் அட்டெண்டிங் மை சிஸ்டர்ஸ் வெடிங்.” படிப்பவருக்குப் புரியும். ஆனால் இயல்பான ஆங்கிலத்தில் அங்கே வர வேண்டியது “டு அட்டெண்ட்”. இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அதைத் திருத்தும் வழியும் நம் தமிழிலேயே கிடைக்கிறது.

நோக்கத்தைச் சொல்லத் தமிழில் இரண்டு வழி உண்டு. “அரிசி வாங்கப் போனேன்” என்றும் சொல்லலாம், “அரிசி வாங்குவதற்காகப் போனேன்” என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. ‘வாங்குவது’ என்பதை ‘பையிங்’ என்றும், ‘-க்காக’ என்பதை ‘ஃபார்’ என்றும் மாற்றிவிடுவதால்தான் “ஐ வென்ட் ஃபார் பையிங் ரைஸ்” பிறக்கிறது. ஆங்கிலம் இந்த இடத்தில் ஒரே வழியைத்தான் ஏற்கும்: “ஐ வென்ட் டு பை ரைஸ்.” ஒருவர் ஒரு காரியத்தை எதற்காகச் செய்தார் என்று சொல்லும்போது ‘டு’. வினை இல்லாமல் வெறும் பெயர்ச்சொல் வந்தால் ‘ஃபார்’ சரி: “ஐ வென்ட் ஃபார் ரைஸ்.”

அப்போது ‘ஃபார்’ உடன் ‘இங்’ எங்கேதான் வரும்? முக்கியமாக இரண்டு இடங்கள். ஒன்று, ஒரு பொருள் எதற்கானது என்று சொல்லும்போது. “திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் மீட்” என்றால் இது இறைச்சி வெட்டுவதற்கான கத்தி. இங்கே யாரும் எதையும் வெட்டவில்லை; கத்தியின் பயனைத்தான் சொல்கிறோம். அதே கத்தியால் நேற்று ஒரு பெட்டியைத் திறந்தேன் என்றால், “ஐ யூஸ்ட் தி நைஃப் டு ஓப்பன் தி பாக்ஸ்.” பொதுவான பயனைச் சொல்லும்போது ‘யூஸ்’ என்ற வினையோடு இரண்டு வடிவமும் வரும். அங்கே கவலைப்பட வேண்டாம்.

இன்னொன்று, நடந்து முடிந்த காரணம். “தாங்க்ஸ் ஃபார் கமிங்”: வந்ததற்கு நன்றி. “ஹி வாஸ் ஃபைன்ட் ஃபார் நாட் வேரிங் எ ஹெல்மெட்”: ஹெல்மெட் போடாததற்கு அபராதம். தமிழைக் கவனியுங்கள். ‘வந்ததற்கு’ என்பதில் காலம் முடிந்துவிட்டது, ‘வாங்குவதற்கு’ என்பதில் இனிமேல்தான். எனக்கு மிகவும் உதவியாகப் படுவது இந்த வேறுபாடுதான்.

ஆகவே எழுதும்போது ஒரு சோதனை செய்யலாம். ‘-வதற்காக’ என்பதை எடுத்துவிட்டு வாங்க, பார்க்க, படிக்க என்ற வினையெச்சத்தைப் போட்டுப் பாருங்கள். வாக்கியம் ஒத்துவந்தால் பெரும்பாலும் ‘டு’. “அக்கா கல்யாணத்தில் கலந்துகொள்ள விடுப்பு வேண்டும்” நன்றாக ஒத்துவருகிறது. “வர நன்றி” ஒத்துவராது, அதனால் ‘ஃபார்’. ‘ரெஸ்பான்சிபிள்’ மாதிரி ‘ஃபார்’ஐக் கூடவே கூட்டிவரும் சொற்களுக்கு இந்தச் சோதனை பயன்படாது. அவற்றைச் சொல்லோடு சேர்த்தே பழக வேண்டும்.

எதிர்மறை நோக்கத்தில் ஒரு எச்சரிக்கை. “பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்க சீக்கிரம் கிளம்பினேன்” என்பதற்கு “ஃபார் நாட் மிஸ்ஸிங்” வராது. வெறும் “நாட் டு மிஸ்” கூடச் சரியாக ஒலிக்காது. “ஐ லெஃப்ட் எர்லி ஸோ ஆஸ் நாட் டு மிஸ் தி பஸ்” என்று எழுத வேண்டும்.

அப்புறம் ‘ஈஸி டு டூ’ வகை. “ஈஸி ஃபார் டூயிங்” கிடையாது என்பது சுலபமாகப் பிடிபட்டுவிடும். சிக்கல் வாக்கியத்தின் எழுவாயில் இருக்கிறது. மொழியியல் அறிஞர் நோம் சாம்ஸ்கி 1960களில் இதற்கு ஒரு இணையைக் காட்டினார்: “ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்”, “ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்.” பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. முதலாவதில் பிறரை மகிழ்விக்க ஆசைப்படுபவர் ஜான். இரண்டாவதில் ஜானை மகிழ்விப்பது சுலபம். மகிழ்விப்பவர் வேறு யாரோ.

இரண்டாவது வகையில் எழுவாயே உள்ளே இருக்கும் வினைக்குச் செயப்படுபொருள். அதனால் “திஸ் சம் இஸ் ஈஸி டு சால்வ்” என்பதோடு நிறுத்த வேண்டும். “சால்வ் இட்” என்று மறுபடி சேர்த்தால் தவறு. ஆனால் முன்னிடைச்சொல் இருந்தால் அதை விடக் கூடாது. “உட்கார வசதியான நாற்காலி” என்பதில் தமிழுக்கு ‘மேல்’ தேவையில்லை. ஆங்கிலத்துக்குத் தேவை: “திஸ் சேர் இஸ் கம்ஃபர்ட்டபிள் டு சிட் ஆன்.” உட்காரும் இடம் நாற்காலியின் ‘மேல்’ என்பதை அந்த ‘ஆன்’தான் சொல்கிறது.

விடுப்புக் கடிதத்தின் கடைசி வரிக்கு வருவோம். “திங்கட்கிழமை வருவது எனக்குக் கஷ்டம்” என்பதைப் பலர் “ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம் ஆன் மண்டே” என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் கஷ்டமானவர் ‘நான்’ ஆகிவிடும். கஷ்டம் வருவதில்தான் இருக்கிறது, ஆளிடம் இல்லை. இந்த மாதிரி வாக்கியத்தில் தமிழில் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமை வந்தால் ஆங்கிலத்தில் ‘இட்’ வைத்துத் தொடங்கி, ஆளை ‘ஃபார்’ உடன் சேருங்கள்: “இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு கம் ஆன் மண்டே.” இங்கே ‘ஃபார்’ வந்தாலும் அது ஆளுக்குத்தான், வினைக்கு ‘டு’வே.