வாட்ச் காட்டும் 450 கலோரியும் பூங்கா வாசல் வடையும்

சில வருடங்களாகக் கையில் ஃபிட்னெஸ் வாட்ச் கட்டிக்கொண்டுதான் நடக்கிறேன். நடந்த தூரம், அடி எண்ணிக்கை, ஓய்வில் இருக்கும்போது இதயத் துடிப்பு எல்லாம் ஓரளவு நம்பும்படி இருக்கின்றன. நடை முடிந்ததும் பெரிய எழுத்தில் காட்டுகிறதே கலோரிக் கணக்கு, அதை மட்டும் நம்புவதை விட்டுவிட்டேன். நம்ம ஊர் வெயிலில் அந்த எண் எப்படி ஊதிப் பெருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

நான் நடப்பது ராயபுரம் அறிஞர் அண்ணா பூங்காவில். பழைய ஆட்கள் இன்னும் ராபின்சன் பூங்கா என்றுதான் சொல்வார்கள். என் எடை 78 கிலோ. ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் போவேன். மார்கழிக் காலையில் இதே நடைக்கு வாட்ச் 340 கலோரி பக்கம் காட்டும். மே மாதம் அதே பூங்கா, அதே வேகம், 450 காட்டும். நடந்த தூரம் மாறவில்லை, தூக்கிக்கொண்டு நடக்கும் உடம்பும் மாறவில்லை. அப்புறம் அந்த 110 எங்கிருந்து வந்தது?

வாட்சுக்குக் கலோரியை அளக்கத் தெரியாது. ஆய்வகத்தில் முகமூடி மாட்டி, எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறது என்று பார்த்துதான் அளப்பார்கள். வாட்ச் செய்வது ஊகம். அடியில் பச்சை விளக்கு அடித்துத் துடிப்பைப் பார்க்கிறது, கை ஆடுவதைப் பார்க்கிறது, நாம் கொடுத்த வயது, எடை, உயரத்தோடு சேர்த்து ஒரு சூத்திரத்தில் போடுகிறது. கம்பெனிகள் தங்கள் சூத்திரத்தை வெளியே சொல்வதில்லை. ஆனால் 2005-இல் வெளியாகி இன்று வரை பலர் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் உண்டு. அதன்படி ஆண்களுக்கு ஒரு துடிப்பு கூடினால் நிமிடத்துக்குச் சுமார் 0.15 கலோரி கூடும். ஒரு மணி நேரத்துக்கு 9. புழுக்கத்தில் என் துடிப்பு 12 ஏறினால் 108 கலோரி. மார்கழிக்கும் மே மாதத்துக்கும் நடுவே தொலைந்த 110 ஏறக்குறைய இதுதான்.

அந்த 12 துடிப்பு எதற்கு ஏறியது? உடம்பைக் குளிர வைக்க இதயம் தோல் பக்கம் நிறைய ரத்தத்தை அனுப்புகிறது. வியர்த்துத் தண்ணீர் குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறையும். அதை ஈடுகட்ட வேகமாகத் துடிக்கிறது. கடலோரம் ஈரக்காற்று, வியர்வை காயவே காயாது என்பதால் இங்கே இது இன்னும் மோசம். கால் தசை செலவழிக்கும் ஆக்சிஜன் பெரிதாக மாறுவதில்லை. இதயம் குளிர்விக்கப் பாடுபடுவதை வாட்ச் நடையின் கணக்கில் எழுதிவிடுகிறது. சட்டை நனைந்தால் கொழுப்பு கரைந்தது என்று நம்புகிற நம் ஆட்களுக்கு இது தோதாகவும் போய்விடுகிறது!

வார் தொளதொள என்றிருந்தால் வேறொரு கூத்து. துடிப்புக்குப் பதில் நாம் அடி வைக்கும் தாளத்தையே வாட்ச் பிடித்துக்கொள்ளும். கண்டுபிடிப்பது சுலபம். நிமிடத்துக்கு 115 அடி வைக்கிறீர்கள், துடிப்பும் 115-லேயே ஆடாமல் நிற்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். நின்று, கழுத்தில் இரண்டு விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிஜத் துடிப்பு 98 என்று வந்தால் அதுவரை காட்டிய கலோரி அத்தனையும் வெட்டி. வாரை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே ஏற்றி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

தப்பு எப்போதும் மேல் நோக்கித்தான் என்றும் சொல்ல முடியாது. துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் இரண்டு கையிலும் துணிப்பை தொங்க நடந்தால் கை ஆடாது, அடிகளையே விட்டுவிடும். ஸ்டான்ஃபோர்டில் 2017-இல் 60 பேரை வைத்து ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். அதில் ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் பிடித்தன. கலோரியில் மிக நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். துடிப்பு சரியாக இருந்தும் கலோரி தப்பாக வருவதற்குக் காரணம், துடிப்பிலிருந்து கலோரிக்குத் தாவும் இடத்தில்தான் இருக்கிறது.

சரி, நிஜமாக எவ்வளவு செலவாகிறது? சமதரையில் நடப்பதற்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு: எடை கிலோவில், தூரம் கிலோமீட்டரில், இரண்டையும் பெருக்கிப் பாதியாக்குங்கள். எனக்கு 78 × 5 ÷ 2 = 195 கலோரி. இது நடந்ததால் மட்டும் கூடுதலாக ஆன செலவு. சும்மா பாயில் படுத்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் 80 பக்கம் போயிருக்கும். அதையும் சேர்த்தால் 275. பல வாட்சுகளில் ‘ஆக்டிவ்’, ‘டோட்டல்’ என்று இரண்டு எண் இருக்கும். டோட்டலில் இந்த 80-ம் அடங்கும். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்ட 80 அது. அதை வைத்து மறுபடி வடை வாங்கக் கூடாது.

வடை என்றதும் என் மச்சான்தான் நினைவுக்கு வருகிறார். அவருக்கும் ஏறக்குறைய என் எடைதான், என்னோடுதான் நடப்பார். பூங்கா விட்டு வந்தால் நேராக டீக்கடை. இரண்டு மெதுவடை, சர்க்கரை போட்ட டீ.

“இன்னா மாமா பாக்குற? 450 எரிச்சிருக்கேன், இது இன்னா முந்நூறு வருமா? இன்னும் பாக்கி கீது.”

அந்தப் பாக்கிக்கு இரவு ஒரு தோசை கூடும். கணக்கைப் பாருங்கள். கடை வடை ஒன்று 125, இரண்டுக்கு 250. டீ 80. தோசை, எண்ணெயோடு, 120. மொத்தம் 450. வாட்ச் கணக்கில் நேர் செய்தாகிவிட்டது. நடையின் கூடுதல் செலவோ 195 தான். நடக்காமல், இதையெல்லாம் சாப்பிடாமல் வீட்டிலேயே இருந்ததைவிட, நடந்த நாளில் செலவு போக 255 கலோரி அதிகமாக உடம்பில் மிஞ்சியிருக்கிறது. வடையின் அளவையும் எண்ணெயையும் பொறுத்து இது ஐம்பது அறுபது அப்படி இப்படி ஆகும்.

மச்சானை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கனடாவில், ஒட்டாவா பல்கலைக்கழகத்தில், சிலரை டிரெட்மில்லில் 200 அல்லது 300 கலோரி செலவழிக்க வைத்து எவ்வளவு என்று ஊகிக்கச் சொன்னார்கள். நடந்தவர்கள் மூன்று நான்கு மடங்கு கூட்டிச் சொன்னார்கள். அதற்கு ஈடாகச் சாப்பிடச் சொன்னபோது, செலவழித்ததைப் போல இரண்டு மூன்று மடங்கு சாப்பிட்டார்கள். 2010-இல் வெளியான முடிவு இது, கையில் வாட்ச்கூட இல்லாமல். வாட்ச் வந்ததும் அந்த ஊகத்துக்கு ஒரு ரசீது கிடைத்தது, அவ்வளவுதான். செலவுக்கு 447 என்று ஒற்றை இலக்கம் வரை ரசீது வருகிறது. வடைக்கு அப்படி எதுவும் வருவதில்லை, அதை நாம் மனதிலேயே குறைத்துப் போட்டுக்கொள்கிறோம். சட்னியும் சாம்பாரும் கணக்கிலேயே வராது.

சாப்பாட்டை எழுதி வைக்கும் ஆப்போடு வாட்சை இணைத்திருப்பவர்கள் ஒன்று பார்க்க வேண்டும். உடற்பயிற்சிக் கலோரியை அன்றைய சாப்பாட்டு அளவோடு தானாகக் கூட்டும் வசதி பலவற்றில் இருக்கும். ஆப்பைத் தொடங்கும்போதே ‘நன்றாக நடமாடுபவன்’ என்று குறித்திருந்தால் அதே நடை இரண்டு முறை ஏறும். அந்த இணைப்பை நான் நிறுத்திவிட்டேன். கலோரித் திரையையும் முகப்பிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் தூரத்தை வைத்திருக்கிறேன். மச்சான் வாட்சில் இன்னும் கலோரிதான் முகப்பில் இருக்கிறது. வடை மட்டும் ஒன்றாகியிருக்கிறது, அதுவும் டாக்டர் சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று சொன்ன பிறகு.