பூக்காத ரோஜா: ஒரு அடியில் வெட்டுவதா, ஒன்றரை அடியிலா, நுனியை மட்டுமா?

மதுரைப் பக்கம் வீட்டு வாசலில் நிற்கும் மூன்று வயது ரோஜாவை எடுத்துக்கொள்வோம். நாலரை அடி உயரம், உச்சியில் மட்டும் இலை, கீழே மொட்டைக் குச்சிகள், பூ இல்லை. தினம் ஆறு மணி நேர வெயில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழாவிட்டால் எந்தக் கவாத்தும் உதவாது. ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து விறுவிறுவென்று கிளம்பும் காட்டுப் போத்து இருந்தால் அதை அடியோடு பிய்த்தெடுங்கள். சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும்.

நுனியில் அரை அடி மட்டும் நறுக்கினால் ஒரு மாதத்துக்குள்ளேயே மொட்டு வரும், ஆனால் பழைய மெல்லிய சிம்புகளில் சின்னப் பூவாகத்தான் இருக்கும். கீழ்ப்பகுதி மொட்டையாகவே நிற்கும். வருடம் முழுக்க, வாடிய பூவை ஐந்திலைக் கணுவுக்கு, அதாவது ஐந்து சிற்றிலை கொண்ட இலை கிளம்பும் கணுவுக்கு மேலே நறுக்கிவிட இந்த முறை சரி. நின்றுபோன செடிக்குப் போதாது.

தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு வெட்டி இறக்கினால் அடியிலிருந்து தடித்த போத்துகள் வரும், பூவும் பெரிதாகும். ஆனால் செடி சேமித்ததில் பெரும்பகுதி போய்விடுவதால் வேர் பலமாக இல்லாத செடி துளிர்க்காமலே காயலாம். தொட்டிச் செடிக்கு இந்த ஆபத்து கூடுதல்.

நம் செடிக்கு ஒன்றரை அடிதான் சரி. காய்ந்த குச்சி, பென்சிலைவிட மெல்லியது, உள்நோக்கி வளர்வது எல்லாம் போகட்டும். நாலைந்து நல்ல தண்டு நின்றால் போதும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் பழுப்பு தெரிந்தால், வெள்ளை தெரியும் வரை இன்னும் கீழே இறங்குங்கள். பழுப்பை விட்டுவைத்தால் நுனிக்கருகல் கீழே பரவும். வெட்டிய இடத்தில் உடனே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுங்கள்.

ஐப்பசி அடைமழையில் வெட்டினால் ஈரக் காயத்தில் பூசணம் ஏறும். சித்திரையில் வெட்டினால் நிழல் போன தண்டு வெயிலில் வேகும். மழை தணியும் நவம்பர் கடைசி வாரம் வசதி. ஆறேழு வாரத்தில், பொங்கலை ஒட்டிப் பூக்கும்.

வெட்டிய அன்றே தண்டிலிருந்து அரை அடி தள்ளி மண்ணைக் கிளறி, 10 கிலோ மக்கிய தொழுஉரம் போடலாம். தொட்டிக்கு இரண்டு கை மண்புழு உரம் போதும். ரசாயன உரத்துக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். இலை இல்லாத செடி அதை அதிகம் எடுக்காது. சிவந்த தளிர் இரண்டு அங்குலம் வந்ததும், தரையில் நிற்கும் செடிக்கு யூரியா 13 கிராம், சூப்பர் பாஸ்பேட் 75 கிராம், பொட்டாஷ் 20 கிராம் வைத்து நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பலர் யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு, இலை தளதளவென்று இருக்கிறதே, பூ எங்கே என்று கேட்கிறார்கள். அப்படி மொட்டில்லாமல் முடிந்த தளிரைப் பாதியில், நல்ல ஐந்திலைக் கணுவுக்கு மேலே நறுக்கிவிட்டால், அங்கிருந்து கிளம்பும் அடுத்த தளிரில் பெரும்பாலும் மொட்டு வைக்கும்.