கல்வர்ட் ஆய்வறிக்கை: சராசரித் தரமா, உறுப்புவாரித் தரமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், சாலைக்கு அடியில் நீரைக் கடத்தும் கல்வர்ட்டுகளை ஆய்வு செய்து அறிக்கை எழுதுவோர் இரண்டு முறைகளில் ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். ஒன்று, கல்வர்ட்டுக்கு ஒரே தரமதிப்பெண் கொடுத்து, படங்களைக் கடைசியில் மொத்தமாகச் சேர்ப்பது. மற்றொன்று, முகப்புச் சுவர், குழாய், வெளிவாய், மேலுள்ள சாலை, நீர்வழி என ஒவ்வோர் உறுப்புக்கும் தனி மதிப்பெண் கொடுத்து, ஒவ்வொரு மதிப்பெண்ணையும் ஒரு பட எண்ணோடு இணைப்பது. எதைப் பின்பற்றினாலும் அளவுகோலை முதல் பக்கத்தில் எழுதியாக வேண்டும். மலேசியப் பொதுப்பணித்துறையின் பால ஆய்வில் 1 நல்ல நிலையையும் 5 மிக மோசமான நிலையையும் குறிக்கும். அமெரிக்க முறையிலோ 9 சிறந்தது, 0 பயன்படாதது. ஒரே கோப்பில் இரண்டும் கலந்தால் பழுதானது நல்லதாகிவிடும்.

எடுத்துக்காட்டாக இரண்டு கல்வர்ட்டுகளை வைத்துப் பார்ப்போம். முதலாவது, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குச் செல்லும் ஒரே செம்மண் சாலையின் அடியில் உள்ள, 1,200 மி.மீ. விட்டமுடைய நெளி எஃகுக் குழாய். இரண்டாவது, ஊர் எல்லையில், மாற்றுப் பாதை உள்ள சாலையின் அடியில் கிடக்கும் 900 மி.மீ. கான்கிரீட் குழாய், அதன் நுழைவாய் பாதிக்குமேல் வண்டலால் அடைபட்டிருக்கிறது. 1 முதல் 5 வரையிலான அளவுகோலில், மேற்சொன்ன உறுப்பு வரிசைப்படி, எஃகுக் குழாய்க்கு 2, 4, 2, 3, 1 என்றும் கான்கிரீட் குழாய்க்கு 3, 2, 3, 1, 4 என்றும் வைத்துக்கொள்வோம். சராசரி 2.4, 2.6 என வருவதால், ஒற்றைத் தர அறிக்கையில் வண்டல் அடைத்த குழாயே முன்னால் நிற்கும். படத்திலும் அதுதான் பயமுறுத்தும்.

உறுப்புவாரி அறிக்கை வேறு கதை சொல்கிறது. எஃகுக் குழாயின் 4 என்பது அதன் அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டையானதற்காகக் கிடைத்தது. அந்த ஓட்டை வழியே நீர் குழாய்க்குக் கீழே இறங்கி, படுகை மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துச் செல்லும். வெற்றிடம் வளர்ந்த பிறகே மேலே சாலை இறங்கும். ஆகவே சாலைக்குக் கொடுத்த 3 தனிப் பழுதாக இல்லாமல், அதே நோயின் அடையாளமாகவே இருக்கக்கூடும். "அந்தப் பள்ளத்துல எத்தன தடவ செம்மண்ணு கொட்டியும் நிக்கல சார்" என்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொன்னால், அதையும் தேதியோடு அறிக்கையில் எழுத வேண்டும். வெளிவாயில் குழாயின் ஓரத்திலிருந்து நீர் கசிவது இன்னொரு தடயம். சராசரி இந்தத் தொடர்பை முற்றிலும் அழித்துவிடுகிறது.

படங்களின் பயனும் இங்கேதான் தெரியும். "படம் 7: துருப்பிடித்த குழாய்" என்பதால் அடுத்த ஆண்டு ஆய்வுக்கு வருபவருக்குப் பயனில்லை. "படம் 7: கல்வர்ட் 1, வெளிவாயிலிருந்து நீர் வரும் திசையை நோக்கி எடுத்தது, வெளிவாய்க்கு 1.5 மீட்டர் உள்ளே, கடிகார முள் 5 முதல் 7 வரையிலான அடிப்பகுதி, ஓட்டையின் நீளம் 400 மி.மீ., அருகில் அளவுநாடா" என்று எழுதினால், அதே இடத்தில் மீண்டும் அளந்து பழுது வளர்ந்திருக்கிறதா என்று சொல்ல முடியும். இடம், வலம் என்பவை நீர் ஓடும் திசையை நோக்கி நின்று பார்ப்பவை என ஒருமுறை குறித்துவிட வேண்டும். வாய்ப்புறத்திலிருந்து விளக்கொளியில் தெரியாத பகுதியை "பார்க்கவில்லை" என்றே எழுத வேண்டும்; உள்ளிருக்கும் காற்று பாதுகாப்பானதா என்ற சோதனையும் வெளியே காவலாளும் இல்லாமல் உள்ளே நுழைந்து படம் எடுக்கக் கூடாது.

முன்னுரிமை வரிசையில் ஒரு சிக்கல் உண்டு. சராசரியைக் கைவிட்டு மிக மோசமான உறுப்பை மட்டும் பார்த்தால், இரண்டுக்கும் 4 வந்து சமமாகிவிடும். அப்போது அந்த 4 எந்த உறுப்பில் விழுந்தது, பழுதானால் யார் பாதிக்கப்படுவார் என்பதைக் கேட்க வேண்டும். எஃகுக் குழாயில் அது சாலையைத் தாங்கும் உறுப்பு, மேலே செம்பனைக் குலை லோரிகள் போகின்றன, மாற்று வழியில்லை. எனவே முதலிடம் அதற்குத்தான். ஆனால் வரிசை எண்ணும் வேலைத் தேதியும் வேறுவேறு. எஃகுக் குழாய்க்கு உடனே லோரியின் எடையைக் கட்டுப்படுத்தி, உயரத்தையும் அகலத்தையும் அளக்க வேண்டும். 1,180, 1,215 மி.மீ. என வடிவம் ஏறக்குறைய மாறாமல் இருந்தால், வெற்றிடத்தைச் சாந்து செலுத்தி நிரப்பி, அடிப்பகுதிக்குக் கான்கிரீட் தளம் இடுவதை ஆராயலாம், நசுங்கியிருந்தால் மாற்ற வேண்டும். இதற்கு மதிப்பீடும் ஒப்புதலும் வரும்வரை காத்திருக்க நேரும். இரண்டாமிடத்தில் உள்ள வண்டலையோ ஒரு பேக்ஹோவை வைத்து, அக்டோபர், நவம்பர் மழைக்கு முன்பே எடுத்துவிடலாம்.

உறுப்புவாரி முறைக்கு நேரம் கூடுதலாகும் என்பதை மறுக்க முடியாது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே வயல் கால்வாயின் குறுக்கே போட்ட சிறு குழாய்களுக்கு ஒரே மதிப்பெண்ணும் ஒரே படமும் போதும். லோரியோ பள்ளி பஸ்ஸோ போகும் சாலையின் அடியில் உள்ளவற்றுக்கு அந்தச் சுருக்கத்தை நான் ஏற்க மாட்டேன்.